ஆக்சிஜன் போட்டிருக்கும்போது ஒரு பீடி பற்றவைத்தால் என்ன ஆகும்? சிலிண்டர் வெடிப்பதற்கு முன்பே ஆபத்து முகத்துக்கு வந்துவிடும்

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து இறங்கியதும் குடும்பத்தில் எல்லோருக்கும் வரும் முதல் பயம் ஒன்றுதான்: "இது வெடிச்சுடாதே?" சிலிண்டரைக் கொண்டுவந்த பையனிடம் கேட்பார்கள். அவரும், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, பக்கத்துல அடுப்பு மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, ரெகுலேட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்து அந்த வீட்டின் பாதுகாப்பு ஏற்பாடு என்பது சிலிண்டரைச் சமையலறையிலிருந்து தள்ளி வைப்பதோடு முடிந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், வீட்டு ஆக்சிஜன் விபத்துகளில் பெரும்பாலானவை சிலிண்டரில் தொடங்குவதே இல்லை. நோயாளியின் மூக்குக்குக் கீழே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் தொடங்குகின்றன. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு ஆக்சிஜனால் தீக்காயம் பட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்தது. பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் காரணம் புகைபிடித்தல். பத்தில் ஒன்பது பேருக்குக் காயம் முகத்தில். அதே ஆண்டு அமெரிக்க நோய்த் தடுப்பு மையங்கள், மெய்ன், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், ஓக்லஹோமா ஆகிய 4 மாநிலங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, 2000 முதல் 2007 வரை ஆக்சிஜன் சிகிச்சையில் இருந்தபடி புகைத்ததால் ஏற்பட்ட தீயில் 38 பேர் இறந்திருந்தார்கள்.

"அப்பா நிறுத்திட்டாருங்க, இப்போ ஒரு நாளைக்கு ரெண்டுதான்" என்று டாக்டரிடம் சொல்லும் மகனோ மகளோ இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இங்கே எத்தனை பீடி என்பது பிரச்சினையே இல்லை. ஒன்று போதும்.

பள்ளி லேபில் பார்த்த அதே குச்சி

ஆக்சிஜன் எரியாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சமையல் கேஸையும் இதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கேஸ் எரிபொருள்; கசிந்தால் அதுவே பற்றும். ஆக்சிஜன் எதையும் எரிய வைப்பதில்லை, ஏற்கெனவே எரிவதை வெறி பிடித்ததுபோல் எரிய வைக்கும். பள்ளி வேதியியல் லேபில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று எப்படிப் பரிசோதித்தோம்? அணைந்து தணலாக இருக்கும் குச்சியை ஜாடிக்குள் விட்டால் குப்பென்று மறுபடி பற்றிக்கொள்ளும். பீடியின் நுனியும் அதே தணல் குச்சிதான். ஜாடிக்குப் பதிலாக மனிதரின் மூக்கு.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள், ஒரு இடத்தின் காற்றில் அது 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே ஆக்சிஜன் மிகுந்த, ஆபத்தான சூழல் என்று கணக்கிடுகின்றன. இரண்டரை சதவீதம்தான் வித்தியாசம். கேனுலாவிலிருந்து வெளியே வருவதோ 90 சதவீதத்துக்கு மேல். அதில் கொஞ்சம்தான் நுரையீரலுக்குள் போகிறது. நோயாளி மூச்சை வெளியே விடும் நேரத்திலும் குழாய் நிற்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதால், மீதி மீசையிலும் தாடியிலும் சட்டைக் காலரிலும் தோளில் கிடக்கும் துண்டிலும் போய்த் தங்குகிறது.

சாதாரணக் காற்றில் பருத்தித் துண்டின் மேல் ஒரு பொறி விழுந்தால் சின்ன ஓட்டை விழும், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஏறிய துண்டில் விழுந்தால் தீ அதன் மேல்பரப்பு முழுவதும் ஓடும். தட்டி அணைக்க நேரம் இருக்காது. 1967 ஜனவரி 27-ல் அப்பல்லோ 1 விண்கலத்தின் தரைப் பரிசோதனையின்போது 3 விண்வெளி வீரர்கள் இறந்தது இதே காரணத்தால்தான்: கேபினுக்குள் நிரப்பியிருந்தது சுத்தமான ஆக்சிஜன். நாசாவையே ஏமாற்றிய விஷயம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை ஏமாற்றுவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சமையல் கேஸ் கசிந்தால் வீடே நாறும். அந்த வாடை நம்மை எச்சரிப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. ஆக்சிஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. போர்வைக்குள் அது சேர்ந்திருப்பதை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம்

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், 66 வயது. நாற்பது வருடம் பீடி. இப்போது சிஓபிடி என்று டாக்டர்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வீட்டில் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று, கரண்ட் போனால் பயன்படுத்த ஒரு பி டைப் சிலிண்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் பாத்ரூம் போகிறார். கேனுலாவைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டுப் போகிறார், மெஷினை நிறுத்தவில்லை. திரும்பி வர 15 நிமிடம். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 30 லிட்டர் ஆக்சிஜன். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றரை அளவு. அத்தனையும் போர்வை மடிப்புக்கும் தலையணைக்கும் நடுவே ஊறியிருக்கிறது. வந்து படுக்கையில் சாய்கிறார். "மெஷினைப் போட்டாத்தானே ஆபத்து, கழட்டித்தானே வெச்சிருக்கேன்" என்று நினைத்து, தலையணைக்கு அடியிலிருந்த தீப்பெட்டியை எடுக்கிறார்.

அவரைப் பொறுத்தவரை அவர் கவனமாகத்தான் இருந்தார். கேனுலா மூக்கில் இல்லை. ஆனால் தீக்குச்சி உரசும் இடம் ஆக்சிஜன் ஊறிய போர்வைக்கு ஒரு அடி தூரத்தில் இருக்கிறது.

கேனுலா மூக்கிலேயே இருந்திருந்தால் நடப்பது வேறு வகை. பீடி நுனி திடீரென்று தீபம்போல் எரியும். மூக்கு முடி, மீசை, புருவம் கருகும். கேனுலாவின் பிளாஸ்டிக் பற்றும். இதற்கு அப்புறம்தான் உண்மையான கொடுமை. குழாய்க்குள் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கிறது, குழாயே எரிபொருளாகவும் இருக்கிறது. எனவே தீ, பட்டாசுத் திரிபோல், மூக்கிலிருந்து ஆக்சிஜன் வரும் திசையை நோக்கி ஓடும். எரியும் முனை வெல்டிங் டார்ச்போல் சீறும். வலியில் கேனுலாவைப் பிடுங்கி எறிவார்கள். அது விழும் இடம் மெத்தையாகவோ பாயாகவோ சேலையாகவோ இருக்கும். முகத்தில் தொடங்கியது வீட்டுத் தீயாக மாறுவது இப்படித்தான். கடைசியில் தீ சூழ்ந்து சூடேறும்போதுதான் சிலிண்டர் என்ற கதாபாத்திரமே மேடைக்கு வருகிறது. அப்போது அது வெடிக்கவும் கூடும்; ஆனால் அதற்குள் செய்ய வேண்டிய சேதமெல்லாம் முடிந்திருக்கும்.

"எங்க வீட்ல சிலிண்டரே இல்ல, கரண்ட்ல ஓடுற மெஷின்தான்" என்று ஆறுதல் அடைபவர்களும் இருக்கிறார்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கான்சன்ட்ரேட்டர்கள் நிறைய வீடுகளுக்குள் வந்தன. அந்த மெஷின் அறைக் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, மீதியைத் தருகிறது. குழாயின் இந்தப் பக்கம் வருவது கிட்டத்தட்ட அதே ஆக்சிஜன்தான். மீசைக்கு அது சிலிண்டரிலிருந்து வந்ததா மெஷினிலிருந்து வந்ததா என்று தெரியாது.

"பிடிக்காதீங்க" என்று சொன்னால் போதுமா?

டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு வரி இருக்கும். அதன் பிறகும் பிடிக்கிறார்கள் என்றால் உடனே வரும் தீர்ப்பு, "அவருக்கே அக்கறை இல்ல, நாம என்ன செய்ய?" இந்த இடத்தில்தான் நம் மருத்துவமனைகளும் ஆக்சிஜன் வாடகைக்கு விடும் கடைகளும் குடும்பங்களும் சேர்ந்து ஒரு தவறு செய்கின்றன. புகைபிடிப்பதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கும்போது நோயாளி செய்வது ஒன்றே ஒன்றுதான்: மறைப்பது. மறைத்துப் பிடிப்பவர் வாசலில் பிடிக்க மாட்டார். யாரும் பார்க்காத பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, அவசர அவசரமாகப் பிடிப்பார். அல்லது எல்லோரும் தூங்கிய பிறகு, படுக்கையில்.

சரி, புகைப்பவருக்கு ஆக்சிஜனே தரக் கூடாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன சிஓபிடி நோயாளிகளுக்கு, நாளில் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பது 1980-லும் 1981-லும் வெளிவந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகளிலிருந்தே தெரிந்த விஷயம். அதைப் பறிப்பது சின்ன முடிவு இல்லை. அதே சமயம் ஒரு அடுக்ககத்தில் பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தைக்கும் இந்த முடிவில் பங்கு இருக்கிறது. எனவே கொடுக்கலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வீட்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பார்ப்பதற்கு முதலில் யாராவது கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் வீட்டுக்கு ஆக்சிஜன் ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்பப்படுகிறது. நோயாளி புகைக்கிறாரா, அந்த வீட்டில் வேறு யாராவது புகைக்கிறார்களா, முன்பு தீ விபத்து நடந்திருக்கிறதா, அடுக்குமாடியில் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வி முக்கியமானது. நம் வீடுகளில் அப்பா நிறுத்தியிருப்பார். நலம் விசாரிக்க வரும் மாமா நிறுத்தியிருக்க மாட்டார்.

தீயை நிறுத்தும் ஒரு சின்னப் பொருள்

அந்த நாட்டு வீடுகளில் ஆக்சிஜன் குழாயில் ஃபயர்பிரேக் என்ற சின்னத் துண்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். விரல் அளவுதான். உள்ளே வெப்பத்தில் உருகும் ஒரு பாகம் இருக்கிறது. குழாய் வழியாக ஓடிவரும் தீ அதைத் தொட்டதும் அது உருகி, உள்ளிருக்கும் அடைப்பு மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் அதற்கு மேல் போகாது. ஊட்டுவதற்கு ஆக்சிஜன் இல்லாததால் குழாயில் ஓடும் தீ அங்கேயே அடங்கிவிடும். இங்கிலாந்தில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒன்று, ஆக்சிஜன் கருவிக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு வைக்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அமைப்பு 2018-ல் தன் நோயாளிகள் அனைவருக்கும் இதைப் பொருத்தச் சொல்லி உத்தரவிட்டது.

இது முகத்தைக் காப்பாற்றாது. நுனியில் குப்பென்று பற்றுவதைத் தடுக்கவும் முடியாது. ஆனால் முகத்துத் தீ வீட்டுத் தீயாக மாறும் பாதையை வெட்டிவிடும். திட்டிக்கொண்டே இருப்பதைவிட இந்த ஒரு துண்டு அதிகம் சாதிக்கும் என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரண கேனுலா பாக்கெட்டில் இது இருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். ஆக்சிஜன் கருவி வாடகைக்கு எடுக்கும்போது, "ஃபயர்பிரேக் இருக்கா? குழாயில் எங்கே மாட்டணும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சில வகைகளில் ஆக்சிஜன் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால் பயன் இருக்காது. கேனுலா மாற்றும்போது பழைய குழாயோடு சேர்த்து இதையும் குப்பையில் போட்டுவிடுவதும் நடக்கக்கூடியது. இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி மருந்து. கான்சன்ட்ரேட்டர் மருத்துவக் கருவி. இரண்டையும் கட்டுப்படுத்தும் அரசு, வீட்டுக்கு வாடகைக்குப் போகும் ஒவ்வொரு இணைப்பிலும் இந்தத் துண்டு இருக்க வேண்டும் என்று கடைகளைக் கட்டாயப்படுத்துவது பெரிய வேலையே இல்லை.

இருபது நிமிடம்

நிறுத்துவதுதான் ஒரே முழுப் பாதுகாப்பு. அதற்கு உதவி இருக்கிறது: நிக்கோடின் சூயிங்கம், பட்டை போன்றவற்றை டாக்டரிடம் கேட்டு, சரியான அளவில் பயன்படுத்தலாம். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. இ-சிகரெட்டுக்கு மாறலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்க வேண்டாம். இந்தியாவில் 2019 முதல் அதற்குத் தடை என்பது ஒருபுறம், சூடாகும் சுருள் உள்ள எதுவும் ஆக்சிஜன் பக்கத்தில் வரக் கூடாது என்பது இன்னொரு புறம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் பிடிக்கத்தான் போகிறார் என்றால், அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பது அவருடைய குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினை. முதலில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக்சிஜனை எவ்வளவு நேரம் கழற்றி வைக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கழற்றலாம் என்று அவர் சொன்னால், வரிசை இதுதான். மெஷினையோ சிலிண்டரையோ நிறுத்த வேண்டும், கேனுலாவை மட்டும் கழற்றினால் போதாது. கேனுலாவைப் படுக்கையில் போடாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை உள்ளேயே வைத்துவிட வேண்டும். பிறகு வெளியே, திறந்த வெளியில் குறைந்தது 20 நிமிடம் இருக்க வேண்டும். துணியிலும் முடியிலும் ஊறிய ஆக்சிஜன் கலைந்து போக பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் கையேடுகள் சொல்லும் நேரம் அது. அதற்கு அப்புறம்தான் தீப்பெட்டி. கோவிலுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றுவதுபோல், தீப்பெட்டியும் லைட்டரும் ஆக்சிஜன் இருக்கும் அறைக்குள் வரவே கூடாது.

இந்த 20 நிமிடத்தை யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றலாம். சிலர் காத்திருப்பார்கள். காத்திருக்கும் சிலருக்கு அந்த நேரத்தில் ஆசையே போய்விடுவதும் உண்டு.

மறைத்துப் பிடிக்கிறாரா என்று எப்படித் தெரியும்? கேனுலா நுனி பழுப்பாகவோ உருகியோ இருக்கிறதா, படுக்கை விரிப்பிலும் லுங்கியிலும் சின்னச் சின்னப் பொட்டு ஓட்டைகள் இருக்கின்றனவா, மூக்கு முடியோ மீசையின் நடுப்பகுதியோ கருகியிருக்கிறதா என்று பாருங்கள். "சூடா காபி குடிச்சேன், உதடு வெந்துடுச்சு" என்று சொல்லும் காயம் மூக்கு ஓரத்தில் இருந்தால் அது காபி இல்லை. ஒருமுறை லேசாகச் சுட்டுக்கொண்டவர் இரண்டாவது முறை தப்பிப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. கண்டுபிடித்தால் சத்தம் போடாமல் டாக்டருக்கோ ஆக்சிஜன் கொடுத்த இடத்துக்கோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பீடி மட்டும்தானா?

நம் வீடுகளில் நெருப்புக்குப் பஞ்சமில்லை. குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு. சிஓபிடி பீடி பிடித்தவர்களுக்கு மட்டும் வருவதுமில்லை. விறகடுப்புப் புகையில் பல வருடம் சமைத்த பெண்களுக்கும் வருகிறது. இப்படி ஒரு பாட்டிக்கு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, அந்த நீளமான குழாயோடு அவர் சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றப் போவதை யாரும் யோசிப்பதில்லை. குழாய் 7 மீட்டர் நீளம் இருந்தால் அவரால் பூஜை அறை வரைக்கும் போக முடியும். ஆக்சிஜனும் கூடவே போகும். எரியும் எதிலிருந்தும் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது சராசரி படுக்கையறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர். விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும், பாட்டி தள்ளி உட்கார்ந்து கும்பிடட்டும்.

கரண்ட் போகும் நேரம் இன்னும் மோசம். மெஷின் நிற்கிறது, பீப் அடிக்கிறது. பதற்றத்தில் ஒருவர் மெழுகுவத்தி கொளுத்துகிறார், இன்னொருவர் அதே வெளிச்சத்தில் சிலிண்டரைத் திறக்கிறார். ஆக்சிஜன் இருக்கும் அறையில் மெழுகுவத்தியும் சிம்னி விளக்கும் இருக்கவே கூடாது. சார்ஜ் செய்யும் எமர்ஜென்சி லைட் ஒன்றைச் சிலிண்டர் வால்விலேயே கட்டித் தொங்கவிட்டால்கூடத் தப்பில்லை. பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 12 மணி நேரத்துக்கு மேல் வரும். எனவே அவசரப்பட்டுத் திறக்கத் தேவையில்லை, வால்வை மெதுவாகத் திறக்கலாம். மெதுவாகத்தான் திறக்கவும் வேண்டும். சட்டென்று திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அந்த இடத்தைச் சூடாக்கும். அங்கே ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் அதுவே பற்றிக்கொள்ளும்.

எண்ணெய் என்றதும் நம் ஊர்ப் பழக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வால்வு டைட்டாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அதே கையால் ரெகுலேட்டரைத் திருகுவது. மூக்கு வறண்டு எரிகிறது என்று கேனுலா உரசும் இடத்தில் வாசலினோ தைலமோ தடவுவது. எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் மிக எளிதாகப் பற்றுபவை. மூக்கு வறட்சிக்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம். கேஸ் கசிவைப் பார்ப்பதுபோல் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது என்ற வீர விளையாட்டைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. சோப்பு நுரை போதும்.

பற்றிவிட்டால்

கேனுலாவை முகத்திலிருந்து எடுக்க வேண்டும். கைக்கு எட்டினால், தீ குறுக்கே இல்லையென்றால், மெஷின் பிளக்கைப் பிடுங்கவோ சிலிண்டர் வால்வை மூடவோ செய்யலாம். ஆக்சிஜன் நின்றால் தீயின் வேகம் உடனே குறையும். எட்டாது என்றால் விட்டுவிட்டு நோயாளியோடு வெளியே வந்துவிட வேண்டும். "ஆக்சிஜன் இல்லாம அப்பா எப்படி வெளிய வருவாரு?" என்ற தயக்கத்தில் மெஷினையும் இழுத்துக்கொண்டு வர முயல்வார்கள். ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு வாங்கும் சில நிமிடங்களைவிட அந்த அறைக்குள் இருக்கும் சில நொடிகள் ஆபத்தானவை. 101-க்கோ 112-க்கோ அழைக்கும்போது வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, எந்த அறையில் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வரும் வீரர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சுட்ட இடத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். ஐஸ், பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் குரல் கரகரத்தால், மூக்குக்குள் கரி தெரிந்தால், சளியில் கறுப்பு வந்தால், 108-ஐ உடனே அழைக்க வேண்டும். சூடான புகை தொண்டைக்குள் போயிருக்கிறது என்பதன் அடையாளம் அது. உள்ளே வீக்கம் மெதுவாக ஏறி, சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைக்கலாம். "சின்னக் காயம்தான், காலையில பாத்துக்கலாம்" என்று அந்த இரவில் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஏற்கெனவே பாதி நுரையீரலோடு வாழ்பவருக்கு அந்த வீக்கத்தைத் தாங்கும் இடம் உள்ளே மிச்சம் இருப்பதில்லை.